டாப் வேரியன்ட்டுக்குத் தாவும் முன்

கார் ஷோரூமில் பேச்சு முக்கால்வாசி முடிந்து, நிறம்கூடத் தேர்வாகிவிட்ட பிறகுதான் அந்த வசனம் வரும். "இன்னும் ஒரு லட்சம் போட்டீங்கன்னா அடாஸ் வந்துடும் சார்." கூடவே விற்பனையாளரின் டேப்லெட்டில் ஒரு வீடியோ ஓடும். வெறிச்சோடிய சாலை, பளிச்சென்ற வெள்ளைக் கோடுகள், முன்னால் போகும் கார் சட்டென்று நிற்கிறது, பின்னால் வரும் கார் தானே பிரேக் போட்டு நிற்கிறது. ஓட்டுநர் புன்னகைக்கிறார். வீட்டில் இருந்து கூட வந்தவர்கள், "பாதுகாப்பு விஷயத்துல ஏன் கணக்குப் பார்க்கணும்?" என்பார்கள்.

கணக்குப் பார்க்கத்தான் வேண்டும். ஏனென்றால் அந்த ஒரு லட்சம் ஒரு லட்சமாக நிற்பதில்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றியமைக்கப்பட்ட வாழ்நாள் சாலை வரி, 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டி 20 லட்சம் வரை 18 சதவீதம். 9.60 லட்சம் ரூபாய் காருக்கு வரி 1,24,800 ரூபாய். அதே காரின் மேல் வேரியன்ட் 10.60 லட்சம் என்றால் வரி 1,90,800. ஆக, விலையில் ஒரு லட்சம், வரியில் 66,000. இன்ஷூரன்ஸ் கூடுவதைச் சேர்க்காமலே வித்தியாசம் 1.66 லட்சம் ஆகிவிட்டது. இதை 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடனாக எடுத்தால் மாதத் தவணையில் சுமார் 3,450 ரூபாய் ஏறும். அந்தப் பணத்துக்குக் கிடைக்கும் பத்துப் பதினைந்து வசதிகளில் எது நம் சாலையில் வேலை செய்யும், எது பிரசுரத்தில் மட்டும் வேலை செய்யும் என்று பிரித்துப் பார்ப்பது நியாயம்தானே?

பிரிப்பதற்கு உதவும் கேள்வி ஒன்று உண்டு. இந்த வசதியைப் பிறகு வெளியில் பொருத்திக்கொள்ள முடியுமா? முடியும் என்றால் அதற்காக வேரியன்ட் மாற வேண்டியதில்லை. காரின் பிரேக்கோடும் ஸ்டீயரிங்கோடும் பின்னிப் பிணைந்தது என்றால் வாங்கும் அன்றே வாங்கினால்தான் உண்டு.

முதலில் பார்க்கிங் சென்சார். பின்பக்க சென்சாரை ஒரு சிறப்பம்சம் போலச் சொல்லும் விற்பனையாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு புதிய காரிலும் அது சட்டப்படி இருந்தாக வேண்டும். ஓட்டுநர் ஏர்பேக், சீட் பெல்ட் நினைவூட்டல், 80 கிலோமீட்டரைத் தாண்டினால் கத்தும் வேக எச்சரிக்கை எல்லாமே அதே நாளில் கட்டாயமானவை. அதற்கெல்லாம் தனியாக நன்றி சொல்ல வேண்டியதில்லை.

அந்த சென்சார் எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்தால் அதன் குறையும் புரியும். பம்பரில் பொத்தான் போலத் தெரியும் வட்டங்கள் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, அது எதிரொலித்துத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுகின்றன. சுவர், இன்னொரு கார் போன்ற அகலமான பரப்பு என்றால் பிரமாதமாகச் சொல்லும். ஒல்லியான கம்பி, பம்பருக்குக் கீழே தாழ்ந்து கிடக்கும் கல், கம்பி வேலி ஆகியவற்றைத் தவறவிடலாம். திறந்து கிடக்கும் சாக்கடைப் பள்ளத்தைப் பற்றி அதற்கு எதுவுமே தெரியாது; பள்ளத்தில் ஒலி பட்டுத் திரும்ப என்ன இருக்கிறது? நம் தெருக்களில் காரைப் பின்னால் எடுப்பவருக்கு இருக்கும் பெரிய பயம் அந்தப் பள்ளம்தான்.

அதனால் சென்சாரோடு கேமராவும் வேண்டும். இரண்டும் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகின்றன: கேமரா பள்ளத்தையும் குழந்தையையும் காட்டும், கண் திரையைப் பார்க்காத நொடியில் சென்சார் கத்தும். அமெரிக்காவில் இதைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். நெடுஞ்சாலைப் பாதுகாப்பை ஆராயும் ஐ.ஐ.எச்.எஸ். என்ற காப்பீட்டுத் துறை அமைப்பின் ஆய்வுகளில், பின்பக்கக் கேமரா உள்ள கார்கள் ரிவர்ஸ் எடுக்கையில் மோதுவது 17 சதவீதம் குறைந்திருந்தது. அங்கே 2018 மே மாதம் முதல் அந்தக் கேமரா கட்டாயம். இங்கே இல்லை. ஆனால் கேமராவுக்காக மேல் வேரியன்ட் போகத் தேவையும் இல்லை. திரை ஏற்கெனவே இருக்கும் காரில் சில ஆயிரம் ரூபாய்க்கு வெளியில் பொருத்திவிடலாம். கவனிக்க வேண்டியது வயரிங் ஒன்றுதான். கம்பெனி வயரை வெட்டி ஒட்டினால் மின்பகுதிக்கான வாரண்டி போய்விடலாம். வெட்டாமல் கப்ளரில் மாட்டும் வகையாகக் கேட்டு வாங்க வேண்டும்.

நான்கு பக்கமும் காட்டும் 360 டிகிரி கேமரா, குறுகிய தெருவில் வீடும் இரண்டு தூணுக்கு நடுவே பார்க்கிங்கும் உள்ளவர்களுக்குத் தினமும் பயன்படும். பெரிய வண்டியாக இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் டெஸ்ட் டிரைவை மாலை மங்கிய பிறகு கேட்டு, திரையில் படம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். பகலில் கண்ணாடி போலத் தெரியும் சில கேமராக்கள் இருட்டியதும் புள்ளிக்கோலமாகிவிடும்.

அடுத்து குரூஸ் கன்ட்ரோல். இதைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த ரால்ஃப் டீட்டர் என்ற அமெரிக்கப் பொறியாளர் சிறு வயதிலேயே பார்வை இழந்தவர் என்பது வாகன வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்று. 1958ஆம் ஆண்டு மாடல் கிரைஸ்லர் கார்களில் அது விற்பனைக்கு வந்தது. சாதாரண குரூஸ் கன்ட்ரோல் செய்யும் வேலை மிக எளிது: வைத்த வேகத்தில் ஆக்ஸிலரேட்டரைப் பிடித்துக்கொள்ளும், காலுக்கு ஓய்வு. இப்போது பல கார்களில் நடு வேரியன்ட்டிலேயே வந்துவிடுகிறது. மாதம் ஒருமுறை திருச்சியில் இருந்து சென்னை போகிறவருக்கு உளுந்தூர்பேட்டை வரை சுகம். செங்கல்பட்டைத் தாண்டிய பிறகு அந்தப் பொத்தானை அவர் தொடவே மாட்டார். அதற்கென்று தனியாகப் பணம் கொடுக்க வேண்டாம், வந்தால் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். சாதாரண வகை பெரும்பாலும் பிரேக்கைத் தொடாது. தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே தொப்பூர் கணவாய் போன்ற நீண்ட இறக்கத்தில் எண்பதில் வைத்துவிட்டால் வண்டி எண்பதில் நிற்காது, சரிவு இழுக்கிற வேகத்துக்குப் போகும். அங்கே குரூஸை அணைத்துவிட்டு கியரைக் குறைப்பதுதான் முறை. மழை பெய்து சாலையில் தண்ணீர் நிற்கும்போதும் அணைத்துவிட வேண்டும்.

டாப் வேரியன்ட்டில் வருவது இதன் அண்ணன், அடாப்டிவ் குரூஸ் கன்ட்ரோல். முன்னால் போகும் வண்டியை ரேடாரோ கேமராவோ பார்த்து, அது மெதுவானால் தானும் மெதுவாகி, அது வேகமெடுத்தால் தானும் எடுக்கும். ஐரோப்பிய நெடுஞ்சாலையில் அருமையான பொருள். நம் சாலையில் இதன் சிக்கல் இடைவெளிதான். 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறது. இரண்டு நொடி இடைவெளி விட வேண்டும் என்றால் முன்னால் 44 மீட்டர் காலி இடம். அவ்வளவு இடத்தை நம் ஊரில் யார் சும்மா விட்டுவைப்பார்கள்? ஒரு பைக் நுழையும், பிறகு ஒரு பஸ் நுழையும், ஒவ்வொரு முறையும் கார் தானாக வேகத்தைக் குறைக்கும், பின்னால் ஒட்டிக்கொண்டு வருபவர் ஹாரன் அடிப்பார். கொஞ்ச நேரத்தில் ஓட்டுநரே அணைத்துவிடுவார்.

இதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. இந்த அமைப்பு ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைப் பின்தொடரத்தான் கட்டப்பட்டது. வேகமாகப் போகும்போது சாலையில் நின்றுகொண்டிருக்கும் பொருளை அது கண்டுகொள்ளாமல் போகலாம். பாலம், பெயர்ப்பலகை, தடுப்புச்சுவர் என்று நிற்கும் பொருள்கள் எல்லாவற்றுக்கும் ரேடார் பதறினால் காரை ஓட்டவே முடியாது என்பதால் அவற்றை வடிகட்டி விடுகிறார்கள். நின்ற வண்டி தென்படாமல் போகலாம் என்று காரோடு வரும் கையேட்டிலேயே பொதுவாக எழுதியிருக்கும். இரவில் பின்விளக்கு இல்லாமல் ஓரத்தில், பாதி லேனை அடைத்துக்கொண்டு நிற்கும் லாரி நம் நெடுஞ்சாலைகளில் எத்தனை உயிரைக் குடித்திருக்கிறது என்பதை நினைத்தால், அடாப்டிவ் குரூஸை நம்பிக் கண்ணை அசத்துவது எவ்வளவு ஆபத்து என்பது விளங்கும்.

அப்படியானால் அடாஸ் முழுக்க ஏமாற்றா? இல்லை. அந்தத் தொகுப்புக்குள் பணம் கொடுக்கத் தக்க ஒரு பொருள் இருக்கிறது: தானாகப் போடும் அவசர பிரேக். பிரசுரத்தில் ஏ.இ.பி. என்று இருக்கும். மோதப்போகிறோம் என்று காருக்குத் தெரிந்து, ஓட்டுநர் ஒன்றும் செய்யாமல் இருந்தால் அதுவே பிரேக்கை அழுத்தும். ஐ.ஐ.எச்.எஸ். ஆய்வில் இந்த வசதியுள்ள கார்கள் முன்னால் போகும் வண்டியின் பின்புறத்தில் மோதுவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. எச்சரிக்கை ஒலி மட்டும் தந்து பிரேக் போடாத வகையில் அந்தக் குறைவு 27 சதவீதம்தான். ஆகவே பிரசுரத்தில் 'வார்னிங்' என்று முடிகிறதா, 'பிரேக்கிங்' என்று முடிகிறதா என்று பார்ப்பது பணத்துக்குரிய கவனம்.

அதே அமைப்பு பிறகு செய்த இன்னோர் ஆய்வு நமக்கு நெருக்கமானது. கார்மீது கார் மோதுவதை இந்த அமைப்புகள் 53 சதவீதம் குறைத்திருக்க, லாரிமீது மோதுவதை 38 சதவீதமும் மோட்டார் சைக்கிள்மீது மோதுவதை 41 சதவீதமும்தான் குறைத்திருந்தன. பாதசாரிகள்மீது மோதுவது 27 சதவீதம் குறைந்தது. ஆனால் தெருவிளக்கு இல்லாத இருட்டில் பலனே தெரியவில்லை. அங்கே சாலையில் பெரும்பாலும் கார். இங்கே பைக்கும் லாரியும் இருட்டும். ஆகவே அந்தப் 'பாதி'யை அப்படியே நம் கணக்கில் எழுதிக்கொள்ளக் கூடாது. என்றாலும் பத்தில் நான்கு மோதல் தவிர்ந்தால் அது சின்ன விஷயம் இல்லை.

எந்த வேகத்தில் அது காப்பாற்றும் என்பதையும் பள்ளிக்கூடக் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். மோதுவதற்கு ஒரு நொடி முன்பு பிரேக் பிடிக்கிறது, காய்ந்த சாலை, நல்ல டயர் என்று வைத்துக்கொள்வோம். 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடி என்பது 11 மீட்டர்; வண்டி நிற்க எட்டு மீட்டர் போதும். மோதல் இல்லை. 100 கிலோமீட்டரில் ஒரு நொடி என்பது 28 மீட்டர்; நிற்க ஏறக்குறைய 48 மீட்டர் வேண்டும். மோதல் நடக்கும், ஆனால் சுமார் 65 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கும். நூறுக்கும் அறுபத்தைந்துக்கும் உள்ள வித்தியாசம் உள்ளே இருப்பவர்களுக்குப் பெரிது. அதாவது இது ஊருக்குள், சிக்னலில், மொபைலைப் பார்த்த ஒரு நொடியில் முழுதாகக் கைகொடுக்கும் பொருள். நெடுஞ்சாலையில் அடியின் வேகத்தைக் குறைக்கும் பொருள்.

இதைப் பிறகு வெளியில் பொருத்த முடியாது. இதே வரிசையில், இதற்கும் முன்னால் நிற்க வேண்டியது இ.எஸ்.சி. என்ற நிலைப்புக் கட்டுப்பாடு. நாய் குறுக்கே வந்து ஸ்டீயரிங்கை வெடுக்கென்று திருப்பும்போது வண்டி சுழலாமல், நான்கு சக்கரத்தில் தேவையானதை மட்டும் பிரேக் பிடித்து நேராக்கும். தனித்துச் செல்லும் கார் கட்டுப்பாடிழந்து நடக்கும் உயிரிழப்பு விபத்துகளை இது ஏறக்குறையப் பாதியாகக் குறைத்ததாக அமெரிக்க ஆய்வுகள் சொல்கின்றன. இதற்கு வெள்ளைக் கோடும் வேண்டாம், வெளிச்சமும் வேண்டாம். பாரத் என்கேப் மோதல் சோதனையில் மூன்று நட்சத்திரமோ அதற்கு மேலோ வாங்க இது இருந்தாக வேண்டும் என்பதால் பல கார்களில் அடி வேரியன்ட்டிலேயே வருகிறது. வராத காரில் அடாஸைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைக் கேட்க வேண்டும்.

லேன் எச்சரிக்கைக்கு வருவோம். முன்கண்ணாடியின் உச்சியில் ஒட்டியிருக்கும் கேமரா சாலைக் கோட்டைப் பார்க்கிறது. இண்டிகேட்டர் போடாமல் கோட்டைத் தாண்டினால் சத்தம் போடும். அடுத்த படியில் உள்ளது ஸ்டீயரிங்கை மெல்ல உள்ளே தள்ளும். பெரும்பாலும் 60 கிலோமீட்டருக்கு மேல்தான் விழித்துக்கொள்ளும். கோடு அழிந்த இடத்தில், மேம்பால வேலைக்காகச் சாலையைத் திருப்பிவிட்டு பழைய கோடும் புதிய கோடும் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் இடத்தில், அதற்கு வழி தெரியாது. எதிர்த்திசையில் வரும் ஸ்கூட்டருக்காக நாம் ஒதுங்கும்போது அது நம்மை மறுபடி லேனுக்குள் தள்ளப் பார்க்கும். தள்ளும் விசை குறைவுதான், கையால் மீறிவிடலாம். ஆனால் அந்த நொடியில் கைக்கு எதிராக ஸ்டீயரிங் பேசுவது யாருக்கும் பிடிப்பதில்லை.

கோடுகள் ஒழுங்காக உள்ள அமெரிக்காவிலேயே இந்த எரிச்சல் இருக்கிறது. சர்வீஸுக்கு வந்த கார்களை ஐ.ஐ.எச்.எஸ். ஆய்வாளர்கள் பார்த்தபோது, முன்மோதல் தடுப்பு 93 சதவீதக் கார்களில் ஆன் ஆகியிருந்தது. லேன் வசதி 51 சதவீதக் கார்களில்தான் ஆன். பயன்படுத்தியவர்களுக்குப் பலன் இல்லாமலும் இல்லை. லேன் எச்சரிக்கை உள்ள கார்களில் அது தடுக்கக்கூடிய வகை விபத்துகள் 11 சதவீதம் குறைந்திருந்தன. விடியற்காலை மூன்று மணிக்கு, கண் சொக்கும் நேரத்தில், ஓரக்கோடு பளிச்சென்று இருக்கும் நான்குவழிச் சாலையில் அடிக்கடி போகிறவர் யாரோ அவருக்கு இது உயிர்காக்கும் மணி. ஊருக்குள் அலுவலகம் போய்வருபவருக்கு ஓயாத நச்சரிப்பு.

இடையில் சொல்ல வேண்டியது பக்கவாட்டு எச்சரிக்கை. கண்ணாடியில் தெரியாத கோணத்தில், அதிலும் இடதுபுறம் புகுந்து வரும் பைக்கைச் சொல்லும் வசதி இது. சில கார்களில் இண்டிகேட்டர் போட்டதும் அந்தப் பக்கத்துக் காட்சி திரையில் வரும். நம் ஊருக்கு லேன் எச்சரிக்கையைவிடப் பல மடங்கு பொருத்தம். விந்தை என்னவென்றால், பல மாடல்களில் இது மலிவான அடாஸ் தொகுப்பில் இருப்பதில்லை. இன்னும் மேலே போக வேண்டும். கிடைக்காவிட்டால் பக்கக் கண்ணாடியின் மூலையில் ஒட்டும் சின்னக் குவி கண்ணாடி பாதி வேலையைச் செய்யும்.

இப்போது அந்த 1.66 லட்சத்துக்குத் திரும்பலாம். மதுரையில் ஒரு குடும்பம். கணவனும் மனைவியும் மாறி மாறி ஓட்டுகிறார்கள். நாள்தோறும் பள்ளி, அலுவலகம், கடை. ஆண்டுக்கு நான்கைந்து முறை நெடும்பயணம், அதுவும் பகலில். 9.60 லட்சம் வேரியன்ட்டில் இ.எஸ்.சி., ஆறு ஏர்பேக், பின் சென்சார், சாதாரண குரூஸ் இருக்கின்றன. 10.60 லட்சம் வேரியன்ட்டில் கூடுதலாக வருவது பின்கேமரா, அவசர பிரேக், லேன் வசதி, அடாப்டிவ் குரூஸ், அதோடு யாரும் கேட்காத சன்ரூஃப். இதில் கேமராவை வெளியில் போட்டுக்கொள்ளலாம். லேன் வசதியும் அடாப்டிவ் குரூஸும் இவர்களிடம் அணைந்தே கிடக்கும். மிச்சம் அவசர பிரேக் ஒன்று. அந்த ஒன்றுக்கு 1.66 லட்சம் அதிகம். கீழ் வேரியன்ட், நல்ல கேமரா, மிச்சப் பணத்தில் குறைந்த கடன் என்பதே இவர்களுக்குச் சரி.

அதே கணக்கு வேறொருவருக்குத் தலைகீழாகும். கோயம்புத்தூரில் இருந்து வாரம் ஒருமுறை பெங்களூரு போய் இரவோடு இரவாகத் திரும்பும் வியாபாரிக்கு அவசர பிரேக், லேன் எச்சரிக்கை இரண்டுமே நிஜமான வேலை செய்யும். அவர் எப்படியும் 12, 13 லட்சத்தில் கார் பார்ப்பவர் என்றால் வரி விகிதமும் மாறாது; ஒரு லட்சம் கூடுதல் விலைக்கு வரி 18,000தான். அவர் கொடுக்கலாம். 10 லட்சத்துக்குக் கீழேயே அடாஸ் தரும் மாடல்களும் வந்துவிட்டன. 2024 டிசம்பரில் வந்த ஹோண்டா அமேஸ் அப்படித்தான் அறிமுகமானது. அதில் ரேடார் கிடையாது, ஒற்றைக் கேமராதான். கேமரா மட்டும் உள்ள அமைப்புகளைக் கனமழை, எதிர்வெயில், அழுக்கு முன்கண்ணாடி ஆகியவை எளிதாகத் தடுமாற வைக்கும். இருந்தாலும் வரிக் கோட்டைத் தாண்டாமல் அவசர பிரேக் கிடைக்கிறதென்றால் மதுரைக் குடும்பத்துக்கும் அது யோசிக்கத் தக்கதே.

'15 அடாஸ் வசதிகள்', '20 அடாஸ் வசதிகள்' என்ற எண்ணிக்கையை மட்டும் யாரும் பொருட்படுத்த வேண்டாம். லேன் எச்சரிக்கை ஒன்று, லேன் பிடிப்பு ஒன்று, ஹைபீம் தானாக இறங்குவது ஒன்று, முன்வண்டி நகர்ந்துவிட்டதைச் சொல்வது ஒன்று என்று ஒரே கேமராவின் வேலையைப் பிரித்துப் பிரித்து எண்ணியது அது.

டெஸ்ட் டிரைவில் விற்பனையாளர் அவசர பிரேக்கைச் செய்துகாட்டுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது. அதற்குப் பதில் லேன் வசதியை அணைத்துவிட்டு, எஞ்சினையும் அணைத்து, மறுபடி கிளப்பிப் பார்க்க வேண்டும். சில கார்களில் அது தானாக மீண்டும் உயிர்பெற்றிருக்கும். தினமும் காலையில் மூன்று மெனுவுக்குள் போய் அணைப்பது யாரால் ஆகும்? மோதல் எச்சரிக்கையின் தூரத்தை மாற்றும் வழி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கடைசி அளவில் வைத்தால்தான் பஜாரில் வண்டி சும்மா சும்மா பதறாது.

வாங்கிய பிறகும் செலவு உண்டு. கேமரா முன்கண்ணாடியில் இருப்பதால், கல் பட்டு விரிசல் விட்டால் கண்ணாடியை மாற்றுவதோடு வேலை முடியாது. கேமராவை மறுபடி அளவு சரிபார்த்து அமைக்க வேண்டும், அதைத் தெருமுனைக் கண்ணாடிக் கடையில் செய்ய முடியாது. ரேடார் பெரும்பாலும் முன் கிரில்லிலோ அதற்குக் கீழே பம்பரிலோ இருக்கும். சின்ன உரசலில் பம்பர் மாற்றும்போது அதன் கோணமும் பார்க்கப்பட வேண்டும். எனவே அடாஸ் காருக்கு ஜீரோ டெப்ரிசியேஷன் பாலிசி எடுப்பவர், கண்ணாடியோடு இந்த அளவு சரிசெய்யும் கூலியும் சேருமா என்று ஏஜெண்டிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். பூஜை போடும் நாளில் சந்தனம், குங்குமத்தை ரேடார் மூடிமேல் வைக்காமல் பானெட்டில் வைக்கச் சொல்லி டெலிவரி கொடுப்பவர்களே இப்போது சொல்வதுண்டு. சாமி படத்தையும் முன்கண்ணாடியின் உச்சியில், கேமராவுக்கு எதிரே ஒட்டாமல் டேஷ்போர்டில் வைத்துக்கொள்ளலாம்.